முன்னாள் ஊழியரைப் பற்றி விசாரித்துக் கடிதம் வந்தால்: பதில் எழுதும் முறை, படிப்படியாக

கோவையில் பம்ப்செட் மோட்டார் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். எழுபது பேர் வேலை செய்யும் இடம் என்பதால் எச்.ஆர். என்று தனித் துறை கிடையாது. சம்பளப் பட்டியல், பி.எஃப்., வருகைப் பதிவேடு, சேருபவர்கள் விலகுபவர்களின் கோப்புகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். 2024 ஆகஸ்ட்டில் ஒரு பிற்பகல் தொலைபேசி ஒலித்தது. எங்களிடம் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்து விலகிய ஒருவர் வேறொரு நிறுவனத்தில் சேரவிருப்பதாகவும், அதற்கான பின்னணிச் சரிபார்ப்புக்காக அழைப்பதாகவும் பேசியவர் சொன்னார். தேதிகளை நினைவிலிருந்தே சொன்னேன். கடைசியாக, "நேர்மையில எப்படி சார்?" என்றார். ஒரு கணம் தயங்கிவிட்டு, "கொஞ்சம் பார்த்து எடுத்துக்கச் சொல்லுங்க" என்றேன்.

பதினோராம் நாள் வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. சரிபார்ப்பு அறிக்கையில் என் பெயருக்கும் பதவிக்கும் நேராக, "நேர்மை குறித்து முன்னாள் நிறுவனம் ஐயம் தெரிவித்துள்ளது" என்று எழுதி, சிவப்பு நிறம் இட்டிருந்தார்கள். அவருக்குக் கொடுத்த வேலை உத்தரவை அந்த நிறுவனம் திரும்பப் பெற்றிருந்தது. நான் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்று நோட்டீஸில் கேட்டிருந்தார்கள். என்னிடம் ஒரு பாதிக் கோப்புதான் இருந்தது.

அதன்பின் நான் கற்றுக்கொண்டு, இப்போது எங்கள் அலுவலகத்தில் பின்பற்றும் முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞன் இல்லை; நோட்டீஸ் வந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கறிஞரைப் பார்ப்பதே சரி. நோட்டீஸ் வராமல் இருப்பதற்கு இது உதவும்.

1. கேட்பவர் யார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

ஊழியரைப் பற்றி விசாரிப்பவர்கள் எல்லாரும் வேலை கொடுக்கப் போகிறவர்கள் அல்லர். கடன் வசூலிப்பவர்கள் கேட்பார்கள். போட்டி நிறுவனத்தினர் சம்பள விவரம் தெரிந்துகொள்ளக் கேட்பார்கள். எங்கள் ஊரில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்க, "வெரிஃபிகேஷன்" என்று சொல்லிக்கொண்டு அழைப்பதும் உண்டு. எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது.

ஆகவே எந்த விசாரணை வந்தாலும், எழுத்தில் அனுப்பச் சொல்லி அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டு அழைப்பை முடித்துவிடுங்கள். மின்னஞ்சல் வந்ததும் மூன்றைப் பாருங்கள். அனுப்பிய முகவரி அந்த நிறுவனத்தின் சொந்த முகவரியாக இருக்க வேண்டும். இலவசக் கணக்கிலிருந்து வந்தால் பதில் எழுதாதீர்கள். அதில் தரப்பட்டுள்ள எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து, இந்த விசாரணை அவர்களுடையதுதானா என்று கேளுங்கள். மூன்றாவதாக, தன் வேலை விவரங்களைச் சரிபார்க்கலாம் என்று முன்னாள் ஊழியரே கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்த ஒப்புதல் கடிதத்தைப் பெரும்பாலான சரிபார்ப்பு நிறுவனங்கள் கேட்காமலேயே இணைத்துவிடுகின்றன. இணைக்காவிட்டால் ஒரு வரியில் கேளுங்கள், மறுநாளே வந்துவிடும். வந்ததும் அதில் உள்ள கையெழுத்தையும் உங்கள் கோப்பில் உள்ள பணிவிலகல் கடிதத்தின் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்புதல் எதற்கு என்பதையும் படிக்க வேண்டும். வேலைக்காலமும் பதவியும் மட்டும் என்று எழுதியிருந்தால், சம்பளத்தைச் சொல்ல உங்களுக்கு ஒப்புதல் இல்லை.

2. பதில் சொல்பவர் ஒருவராக இருக்கட்டும்

இது சிறிய படிதான், ஆனால் இதைச் செய்யாததால் வரும் சிக்கல் சிறியதல்ல. அலுவலகத்திலிருந்து தேதியும் பதவியும் மட்டும் சொல்லி எழுத்தில் பதில் போய்க்கொண்டிருக்க, அதே நாளில் ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசரின் கைபேசிக்கு அழைப்பு வந்து, அவர் தன் பழைய கோபத்தை எல்லாம் கொட்டினால், அறிக்கையில் இரண்டுமே ஏறும். நிறுவனத்தின் சார்பில் பதில் சொல்லும் பொறுப்பு இன்னாருக்கு மட்டும்தான் என்று உரிமையாளர் கையெழுத்துடன் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, சூப்பர்வைசர்களிடம் ஒப்புகை வாங்கி வையுங்கள். யாராவது அவர்களை அழைத்தால், "அலுவலகத்தில் கேளுங்கள்" என்பதே பதில்.

3. கோப்பை எடுத்து மேசையில் வையுங்கள்

நினைவிலிருந்து ஒரு தேதியைக்கூட எழுதக் கூடாது. நான் எடுத்து வைத்துக்கொள்ளும் காகிதங்கள் இவை: நியமனக் கடிதம், பணி உறுதி செய்த கடிதம், கடைசிச் சம்பள உயர்வுக் கடிதம், பணிவிலகல் கடிதம், அதை ஏற்ற கடிதம், ரிலீவிங் கடிதம், கணக்கு முடித்த சீட்டு, பி.எஃப். தளத்தில் பதிவான விலகல் தேதி. ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்தால் நோட்டீஸ், அதற்கு அவர் கொடுத்த விளக்கம், அதன்பின் என்ன முடிவானது என்பதற்கான தாள் ஆகியவையும் வேண்டும்.

இந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் விஷயத்தில் மூன்று இடங்களில் ஒத்துப்போகவில்லை.

முதலாவது, சேர்ந்த தேதி. தன் விண்ணப்பத்தில் 2017 ஜூன் முதல் எங்களிடம் வேலை செய்ததாக அவர் எழுதியிருந்தார். எங்கள் நியமனக் கடிதத்தில் 2018 ஏப்ரல் 1 என்று இருந்தது. அவர் எழுதியது பொய்யில்லை. முதல் பத்து மாதங்கள் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவராக அதே ஸ்டோர்ஸில், அதே வேலையைத்தான் செய்தார்; சம்பளமும் பி.எஃப்.பும் மட்டும் ஒப்பந்ததாரர் கணக்கில் போயின. நம் தேதியை மட்டும் எழுதிவிட்டால் அவர் பத்து மாத அனுபவத்தைக் கூட்டிச் சொன்னதாக அறிக்கையில் "முரண்பாடு" என்று வரும். அவர் சொன்ன தேதியை அப்படியே ஒப்புக்கொண்டால் நாம் பொய் சொன்னவர்கள் ஆவோம். இரண்டையும் எழுதுவதுதான் வழி: எங்கள் நேரடி ஊழியராக 2018 ஏப்ரல் 1 முதல், அதற்கு முன் 2017 ஜூன் முதல் ஒப்பந்ததாரர் ஒருவரின் ஊழியராக எங்கள் வளாகத்தில் பணியாற்றினார், அந்தக் காலத்தின் சம்பள, பி.எஃப். ஆவணங்கள் எங்களிடம் இல்லை.

இரண்டாவது, விலகிய தேதி. ரிலீவிங் கடிதத்தில் 2023 பிப்ரவரி 4 என்று இருந்தது. பி.எஃப். தளத்தில் நாங்களே பிப்ரவரி 28 என்று பதிந்திருந்தோம்; மாதக் கடைசித் தேதியைப் போட்டுவிடும் பழக்கம்தான் காரணம். சரிபார்ப்பவர்கள் அவருடைய யூ.ஏ.என். மூலம் பி.எஃப். பணி வரலாற்றையும் பார்ப்பார்கள் என்பதால், அவர் அடுத்த வேலையில் பிப்ரவரி 15 அன்று சேர்ந்திருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வேலை செய்தவர் என்ற பெயர் வந்திருக்கும். இப்படி ஒரு பிழை உங்களுடையதாக இருந்தால், பதிலிலேயே அதை உங்கள் பிழை என்று ஒப்புக்கொண்டு, சரியான தேதியைச் சொல்லி, திருத்தத்துக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்றாவது, பதவி. கடிதத்தில் "ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட்", ஆனால் கடைசி இரண்டு ஆண்டுகள் பொறுப்பு முழுவதும் அவரிடம்தான். கடிதத்தில் உள்ளதைப் பதவி என்ற இடத்திலும், செய்த வேலையைக் குறிப்பு என்ற இடத்திலும் எழுதினோம்.

சம்பளத்தில் ஒரு பொறி உண்டு. படிவத்தில் கேட்பது ஆண்டு சி.டி.சி.யாக இருக்கும், உங்கள் கையில் இருப்பது மாதச் சம்பளச் சீட்டாக இருக்கும். நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் போனஸும் சேர்ந்த தொகையும், கையில் வாங்கிய தொகையும் வெகுவாக வேறுபடும். எந்தத் தொகை, எந்த மாதத்துக்கு உரியது என்று தெளிவாக எழுதாவிட்டால், அவர் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னதாக ஆகிவிடும்.

4. கேள்விகளை மூன்றாகப் பிரியுங்கள்

வரும் படிவங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அதிலுள்ள கேள்விகளைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லக்கூடியவை, ஒருவருடைய அபிப்பிராயமாக மட்டுமே சொல்லக்கூடியவை, நாம் சொல்லவே கூடாதவை என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

தேதி, பதவி, சம்பளம், யாருக்குக் கீழ் வேலை செய்தார், நோட்டீஸ் காலத்தை முடித்தாரா, பாக்கி உண்டா, இணைத்துள்ள ரிலீவிங் கடிதம் நாங்கள் கொடுத்ததுதானா என்பவை முதல் வகை. கடைசிக் கேள்விக்கு, இணைப்பைத் திறந்து உங்கள் நகலோடு வரி வரியாக ஒப்பிட்டபின்தான் "ஆம்" என்று எழுத வேண்டும். விலகிய காரணமும் முதல் வகைதான், ஆனால் அதை எழுதும் விதம் முக்கியம். பணிவிலகல் கடிதத்தில் "குடும்பக் காரணம்" என்று இருந்தால், "அவர் தன் கடிதத்தில் குடும்பக் காரணம் என்று தெரிவித்திருந்தார்" என்று எழுதுங்கள். உண்மையான காரணம் வேறு என்று உங்களுக்குத் தோன்றலாம். அது உங்கள் ஊகம்.

வேலைத்திறன், பழகும் விதம், மறுபடியும் எடுப்பீர்களா என்பவை இரண்டாம் வகை. இவற்றில் மிகவும் ஆபத்தானது, "மறுபடி வேலைக்கு எடுக்கத் தகுதியானவரா" என்ற கட்டம். சிறு நிறுவனங்களில் இதற்கு விதி எதுவும் இருப்பதில்லை. விலகிப் போனவர் மீது உரிமையாளருக்கு இருக்கும் வருத்தத்தில் "இல்லை" என்று குறித்துவிடுகிறோம். படிப்பவருக்கோ அந்த ஒரு சொல், ஏதோ பெரிய தவறு நடந்திருக்கிறது என்று சொல்லும். எங்களிடம் அப்படி ஒரு விதி இல்லாததால், "மறுநியமனம் குறித்து நிறுவனத்தில் வரையறுத்த கொள்கை இல்லை, எந்த முன்னாள் ஊழியருக்கும் இக்கேள்விக்குப் பதில் தருவதில்லை" என்று எல்லாருக்கும் எழுதுகிறோம். வேலைத்திறனுக்கு, மதிப்பீட்டுத் தாள் கோப்பில் இருந்தால் அதில் உள்ளதை, ஆண்டைக் குறிப்பிட்டு எழுதுகிறோம். இல்லாவிட்டால் "எழுத்துப்பூர்வ மதிப்பீடு இல்லை" என்பதே பதில்.

மூன்றாம் வகையில் உடல்நலம், மகப்பேறு, சாதி, மதம், தொழிற்சங்கத்தில் இருந்தாரா, எங்கள் மீது வழக்குப் போட்டாரா என்பவை வரும். இவற்றுக்கு இடம் விட்டு வைக்காமல், "இவ்விவரம் தருவதில்லை" என்று எழுதுங்கள். பாலியல் துன்புறுத்தல் புகார் பற்றிய கேள்வி வந்தால் தனிக் கவனம் தேவை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013இன் 16ஆம் பிரிவு, புகாரின் உள்ளடக்கம், புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளம், விசாரணை விவரம் ஆகியவற்றை வெளியிடுவதைத் தடை செய்கிறது. அப்படி ஒரு புகார் கோப்பில் இருந்தால், சொந்த முடிவில் ஒரு வரிகூட எழுதாமல் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

5. குற்றச்சாட்டு இருந்திருந்தால் எப்படி எழுதுவது

இதில்தான் நான் விழுந்தேன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2022 டிசம்பர் 16 அன்று ஸ்டோர்ஸில் இருப்பு எடுத்தபோது, மோட்டார் வைண்டிங்குக்கான செம்புக் கம்பி, பேரேட்டில் உள்ளதைவிட 42 கிலோ குறைந்தது. செம்பு விற்கும் விலைக்கு அது சிறிய தொகையில்லை. டிசம்பர் 20 அன்று அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தோம். 26ஆம் தேதி அவர் ஒரு பக்க விளக்கம் கொடுத்தார். கம்பி சுற்றி வரும் உருளையின் எடையையும் சேர்த்தே சரக்கு வரவுச் சீட்டில் சில சமயம் பதிவாகியிருக்கிறது என்பது அதன் சாரம். அந்தத் தாளை யாரும் சரிபார்க்கவில்லை. ஆண்டு முடிவு வேலை, பொங்கல் விடுமுறை என்று நாள் போனது. உள்விசாரணையும் வைக்கவில்லை. ஜனவரி 5 அன்று அவர் பணிவிலகல் கடிதம் கொடுத்தார், ஏற்றுக்கொண்டோம், கணக்கு முடித்தபோது கம்பிக்காக எதையும் பிடிக்கவும் இல்லை. ஆனால் எங்கள் எல்லார் மனத்திலும் "கம்பி விஷயம்" என்று ஒன்று தங்கிவிட்டது. தொலைபேசியில் பேசியது அந்த மனம்தான்.

நோட்டீஸ் வந்தபின் வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, அவர் கொடுத்த விளக்கம் சரியா தவறா என்பதுதான். உட்கார்ந்து அந்த ஆறு மாத வரவுச் சீட்டுகளை எடுத்து, சப்ளையரின் பில்லோடு ஒப்பிட்டேன். இரண்டு சீட்டுகளில், பில்லில் நிகர எடை தனியே இருக்க, எங்கள் ஆட்கள் மொத்த எடையைப் பதிந்திருந்தார்கள். பதினெட்டு உருளைகள், ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ, ஆக 27 கிலோ. அது குறையவே இல்லை; முதலிலேயே வரவில்லை. மீதி 15 கிலோ எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. வைண்டிங் பிரிவில் வீணான துண்டுகளாகவும் போயிருக்கலாம், யாராவது எடுத்தும் இருக்கலாம். அவர்தான் எடுத்தார் என்று சொல்ல எந்தத் தாளும் இல்லை.

இந்த மாதிரி நிலையில் எழுதுவதற்கு முன், நடந்தது எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். உள்விசாரணை நடத்தி, அவருக்கும் பேச வாய்ப்புக் கொடுத்து, எழுத்தில் முடிவு எழுதப்பட்டிருந்தால் அது நிரூபணமானது. முடிவையும் அதன் தேதியையும், கேட்டால் சொல்லலாம். நோட்டீஸ் கொடுத்து விசாரணை முடியாமல் நின்றிருந்தால், முடியாமல் நின்றது என்பதுதான் உண்மை. தாளே இல்லாத சந்தேகமாக இருந்தால் அது நம்முடைய மனத்தில் மட்டும் இருப்பது. பதிலில் அதற்கு இடம் கிடையாது, சாடையாகக்கூட.

நடுவில் உள்ள நிலைதான் கடினம். படிவத்தில் "ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா" என்று நேராகக் கேட்டிருக்கும்போது, இரக்கப்பட்டு "இல்லை" என்று எழுதுவதும் பொய்தான். நோட்டீஸின் நகல் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது, புதிய நிறுவனம் நாளை உங்களை நம்பியதற்காக வருந்த நேரலாம். "ஆம்" என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. அந்தப் பாதி ஒருவருடைய வேலையைப் பறித்துவிடும். கட்டத்தில் ஆம், இல்லை இரண்டையும் குறிக்காமல், "குறிப்பைப் பார்க்க" என்று எழுதி, கீழே நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். பிறகு நாங்கள் அனுப்பிய குறிப்பு, ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் வடிவம் இது:

"2022 டிசம்பர் 16 அன்று எடுத்த இருப்புக் கணக்கில் ஏற்பட்ட வேறுபாடு குறித்து 2022 டிசம்பர் 20 அன்று இவரிடம் விளக்கம் கோரப்பட்டது. 2022 டிசம்பர் 26 அன்று இவர் எழுத்தில் விளக்கம் அளித்தார். உள்விசாரணை நடத்தப்படவில்லை, இவர் மீது எந்த முடிவும் எட்டப்படவில்லை. பின்னர் நாங்கள் ஆவணங்களைச் சரிபார்த்ததில், வேறுபாட்டின் பெரும்பகுதி சரக்கு வரவுப் பதிவில் நேர்ந்த பிழை என்று தெரியவந்தது. எஞ்சியதற்கான காரணம் கண்டறியப்படவில்லை. இவரது பணிவிலகல் ஏற்கப்பட்டு, பிடித்தம் இன்றிக் கணக்கு முடிக்கப்பட்டது."

இதில் பெயரடை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "சிறு" வேறுபாடு என்றோ "பெரிய" இழப்பு என்றோ எழுதவில்லை. "பெரும்பகுதி" என்று எழுதியதற்கு மட்டும், 42இல் 27 என்ற கணக்கு கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாளைக் காட்ட முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

எதையும் சொல்லாமல், தேதியும் பதவியும் மட்டும் தருவோம் என்று முடிவு செய்வதும் முறையான வழிதான். பல நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அதை எல்லாருக்கும் ஒன்றுபோலச் செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு எல்லாம் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதிவிட்டு, ஒருவருக்கு மட்டும் இரண்டு வரியில் முடித்தால், அந்த வெற்றிடத்தையே பதிலாகப் படிப்பார்கள்.

சட்டம் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை என்று தண்டனை உண்டு. ஒருவரிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னாலும் அது மூன்றாம் மனிதரிடம் சொன்னதுதான். தன்னுடைய அல்லது பிறருடைய நலனைக் காப்பதற்காக நல்லெண்ணத்தில் சொல்வதற்கு அப்பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்தில் செய்ததாகாது என்று அதே சட்டம் வரையறுக்கிறது. கோப்பைத் திறக்காமல் பேசிய எனக்கு அந்த விலக்கைக் கேட்க முகம் இல்லை என்று வழக்கறிஞர் நாசூக்காகச் சொன்னார்.

6. தொலைபேசியில் கேட்டால்

எழுத்தில் பதில் அனுப்பியபின்னும், "ஒரு சின்னச் சந்தேகம்" என்று அழைப்பார்கள். பேசுபவர்கள் பெரும்பாலும் இளம் வயதினர், நாளைக்கு இத்தனை கோப்புகளை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர்கள். நீங்கள் சொல்வதைத் தங்கள் திரையில் இருக்கும் கட்டங்களுக்குள் அடைக்கப் பார்ப்பார்கள். உங்கள் தயக்கமும் இருமலும்கூட அங்கே ஒரு சொல்லாகிவிடும். "எங்கள் மின்னஞ்சலில் உள்ளதைத் தவிர வேறு எதுவும் சொல்வதற்கில்லை, சந்தேகத்தை எழுதி அனுப்புங்கள்" என்று நல்ல குரலில் சொல்லிவிடுங்கள். தவிர்க்க முடியாமல் பேசிவிட்டால், அன்றே, "இன்று தொலைபேசியில் நான் தெரிவித்தவை பின்வருமாறு" என்று அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நான் அப்படி ஒன்று அனுப்பியிருந்தால், அதை எழுதும்போதே நான் சொன்னது எவ்வளவு அபத்தம் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

7. எத்தனை நாளில், என்ன செலவில்

தாமதமும் ஒரு தவறான பதில்தான். சரிபார்ப்பவர்கள் சில நினைவூட்டல்கள் அனுப்பிப் பார்த்துவிட்டு, "சரிபார்க்க இயலவில்லை" என்று எழுதி முடித்துவிடுவார்கள்; அதற்கான விளக்கத்தைப் பாவம் அந்த ஊழியர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். எங்களிடம் இப்போது இரண்டு வேலை நாள் என்று வைத்திருக்கிறோம். ஒப்புதல் கடிதத்துக்காகக் காத்திருக்கும் நாள் இதில் சேராது. கோப்பு ஒழுங்காக இருந்தால் முக்கால் மணி நேர வேலை. குற்றச்சாட்டு உள்ள கோப்பாக இருந்தால், எழுதியதை ஒரு இரவு வைத்திருந்து, மறுநாள் உரிமையாளர் படித்துக் கையெழுத்திட்டபின் அனுப்புகிறோம்.

செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பதில் மாதிரிகள் இரண்டை வழக்கறிஞரிடம் காட்டித் திருத்தி வாங்க 3,000 ரூபாய் ஆனது. நோட்டீஸுக்குப் பதில் அனுப்பி, பேசி முடிக்க 18,000 ரூபாய் ஆனது. எதை முதலில் செய்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதிலை அலுவலக மின்னஞ்சலிலிருந்து, விசாரித்த அதே முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். வந்த கேள்வி, ஒப்புதல் கடிதம், நீங்கள் அனுப்பிய பதில், பார்த்த தாள்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரே இடத்தில் வையுங்கள். எழுத்தில் வெளியான அவதூறுக்கு இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட ஓர் ஆண்டும், குற்றவியல் புகாருக்கு மூன்று ஆண்டும் கால வரம்பு என்பதால், குறைந்தது மூன்று ஆண்டு அழிக்காதீர்கள். முன்னாள் ஊழியர் நகல் கேட்டால் கொடுத்துவிடுகிறோம். அவர் கையில் கொடுக்கத் தயங்கும் ஒரு வரி பதிலில் இருக்குமானால், அனுப்புவதற்கு முன்பே அதை மறுபடி பார்த்துக்கொள்கிறோம்.

8. தவறாகச் சொல்லிவிட்டால்

உடனே எழுத்தில் திருத்துங்கள். எந்தத் தேதியில், யாரிடம், என்ன சொன்னீர்கள், அதில் எது தவறு, சரியானது எது, பழைய பதிலைத் திரும்பப் பெறுகிறீர்கள் என்ற ஆறும் அதில் இருக்க வேண்டும். "தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கலாம்" என்று மழுப்பினால் சரிபார்ப்பு நிறுவனம் அறிக்கையை மாற்றாது. நாங்கள் முதலில் அப்படித்தான் எழுதினோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஆவணங்களைப் பார்க்காமல் நான் தெரிவித்த கருத்து அது, அதற்கு எங்கள் பதிவேட்டில் ஆதாரம் இல்லை" என்று இரண்டாவது கடிதத்தில் நேராக எழுதியபின் ஒன்பது நாளில் அறிக்கையைத் திருத்தினார்கள். சிவப்பு, மஞ்சள் ஆனது. நகலை அவருக்கும் அனுப்பினோம். அவர் நோட்டீஸைத் தொடரவில்லை. அதற்குள் அந்த வேலையில் வேறு ஒருவர் சேர்ந்துவிட்டார்.

2025 ஜனவரியில் அவருக்காக மறுபடியும் ஒரு விசாரணை வந்தது, வேறொரு நிறுவனத்திலிருந்து. ஒப்புதல் கடிதத்தில் இருந்த கையெழுத்தைப் பணிவிலகல் கடிதத்தோடு ஒப்பிட்டேன். மேலே உள்ள குறிப்பை எழுதி, உரிமையாளரிடம் காட்டி, மறுநாள் காலை அனுப்பினேன். மாலையில் அவர்களிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: ஒப்பந்ததாரரின் பெயரும் முகவரியும் கிடைக்குமா என்று.